‘டூ யூ நோ வெயார் இஸ் ஹீ’: ஒரு வசனம் பற்றிப் பெற்றோருக்கு

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். இந்தத் தவணை தரம் 9, 10 பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பிகளைப் புரட்டியபோது ஒரே பிழை கெட்டிக்காரப் பிள்ளையின் கொப்பியிலும் மற்றப் பிள்ளையின் கொப்பியிலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி மட்டும்தான் இந்தக் கடிதம். ஆங்கிலம் படிக்காத அம்மா அப்பாவும் வாசிக்க வேண்டும் என்பதால் ஆங்கில வசனங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசியுங்கள்.

‘அவர் எங்கே?’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘வெயார் இஸ் ஹீ?’. இது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ‘அவர் எங்கே என்று தெரியுமா?’ என்று கேட்கச் சொன்னால் ‘டூ யூ நோ வெயார் இஸ் ஹீ?’ என்று எழுதிவிடுகிறார்கள். சரியான வசனம் ‘டூ யூ நோ வெயார் ஹீ இஸ்?’. ‘இஸ்’ ஆளுக்குப் பின்னால் போக வேண்டும்.

தயவுசெய்து இதைக் கவனக்குறைவு என்று ஏசாதீர்கள். பிள்ளை தமிழில் சரியாகச் செய்கிற ஒன்றைத்தான் ஆங்கிலத்திலும் செய்கிறது. நாங்கள் ‘அவர் எங்க இருக்கிறார்?’ என்று கேட்போம், அதையே இன்னொருவரிடம் விசாரிக்கும்போது ‘அவர் எங்க இருக்கிறார் எண்டு தெரியுமா?’ என்போம். முதல் கேள்வியில் ஒரு சொல்லும் இடம் மாறவில்லை, பின்னால் ‘எண்டு தெரியுமா’ மட்டும் ஒட்டிக்கொண்டது. அதே பழக்கத்தில் பிள்ளை ‘வெயார் இஸ் ஹீ’யைக் கலைக்காமல் எடுத்து முன்னால் ‘டூ யூ நோ’வை வைக்கிறது.

ஆங்கிலத்தில் கேள்வியைக் காட்டுவது பெரும்பாலும் சொற்கள் நிற்கும் வரிசைதான். ‘ஹீ இஸ் அட் ஹோம்’ என்றால் அவர் வீட்டில் இருக்கிறார் என்ற செய்தி, ‘இஸ் ஹீ அட் ஹோம்?’ என்றால் கேள்வி. ‘டூ யூ நோ’ என்று தொடங்கும்போது ‘உங்களுக்குத் தெரியுமா’ என்ற கேள்வியை அங்கேயே கேட்டு முடித்துவிட்டோம். மிச்சமாக வருவது எது தெரியுமா என்பதன் பெயர் மாதிரி, அதில் இன்னொரு தரம் கேள்வி வரிசை வரத் தேவையில்லை. தமிழிலும் ‘அவர் இருக்கிற இடம் தெரியுமா?’ என்று கேட்கலாம் அல்லவா, அந்த ‘அவர் இருக்கிற இடம்’ என்ற துண்டுதான் ‘வெயார் ஹீ இஸ்’. பிள்ளைக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தால் சட்டென்று பிடிபடுகிறது. ‘எனக்குத் தெரியாது’ என்று தொடங்கினாலும் அதே வரிசைதான்: ‘ஐ டோன்ட் நோ வெயார் ஹீ இஸ்’. இது கேள்வியே இல்லை, முடிவில் முற்றுப்புள்ளிதான் வரும். ‘வெயார்’ஐக் கண்டவுடன் கேள்விக்குறி போடுகிற பிள்ளைகளும் நிறைய.

‘இஸ்’ வருகிற வசனங்கள் இலேசு. உண்மையான சிக்கல் ‘டஸ்’, ‘டிட்’ வருகிற இடத்தில். கிளிநொச்சியில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவர் வவுனியா பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்று அறிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரடிக் கேள்வி ‘வட் டைம் டஸ் த பஸ் லீவ்?’. மரியாதையாக ‘சொல்ல முடியுமா’ என்று தொடங்கினால் ‘கான் யூ டெல் மீ வட் டைம் த பஸ் லீவ்ஸ்?’ என்று வரும். ‘டஸ்’ கேள்விக்காக மட்டும் வந்த சொல், அதனால் அது போய்விடுகிறது. ஆனால் போகும்போது தன்னிடம் இருந்த ‘ஸ்’ ஒலியை ‘லீவ்’ இடம் கொடுத்துவிட்டுப் போகிறது. கொப்பிகளில் இந்த ஒரு வசனம் மூன்று விதமாகப் பிழைத்திருக்கிறது. சிலர் ‘டஸ் த பஸ் லீவ்’ என்று பழைய வரிசையையே வைத்திருக்கிறார்கள், இவர்களுக்கு விசயம் இன்னும் தொடங்கவில்லை. சிலர் ‘த பஸ் லீவ்’ என்று ‘டஸ்’ஐ எடுத்துவிட்டு ‘ஸ்’ஐ மறந்துவிட்டார்கள், இவர்கள் பாதி தூரம் வந்துவிட்டார்கள். சிலர் ‘டஸ் த பஸ் லீவ்ஸ்’ என்று இரண்டையும் வைத்திருக்கிறார்கள். ‘டிட்’டும் இப்படித்தான். ‘வென் டிட் த பஸ் லீவ்?’ என்பது ‘டூ யூ நோ வென் த பஸ் லெப்ட்?’ ஆகும், ‘டிட்’ சுமந்திருந்த இறந்தகாலம் ‘லீவ்’ஐ ‘லெப்ட்’ ஆக்கிவிடுகிறது. எங்கள் ஆசிரியர்கள் இனி இந்த மூன்று பிழைக்கும் ஒரே சிவப்புக் கோடு போடாமல் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் எழுதுவார்கள்.

‘எங்கே, எப்போ, என்ன’ என்ற சொல் இல்லாமல் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்கிற கேள்விகளும் இருக்கின்றன. ‘அவர் வந்தாரா எண்டு தெரியுமா?’ என்பதில் தமிழ் ஒரு ‘ஆ’வை வினையின் வாலில் கட்டிவிட்டு வேலையை முடித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த ‘ஆ’வுக்குப் பதிலாக ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ நடுவில் வர வேண்டும்: ‘டூ யூ நோ இஃப் ஹீ கேம்?’. ‘இஃப்’ என்றால் ‘வந்தால், போனால்’ என்பது மட்டும்தான் என்று பிள்ளைகள் மனதில் பதிந்திருப்பதால் இந்த இடத்தில் அதைப் போடப் பயப்படுகிறார்கள். ‘எண்டு’வுக்கு முன்னால் ‘ஆ’ கேட்டால் ‘இஃப்’ போடு என்று சொல்லிக் கொடுங்கள், பயம் போய்விடும்.

ஆங்கிலம் தெரியாதவர்கள் எப்படிச் சரி பார்ப்பது? பிள்ளையை வசனத்தைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். ‘டூ யூ நோ’வுக்குப் பிறகு ‘வெயார்’, ‘வென்’, ‘வட் டைம்’ போன்ற ஒரு கேள்விச்சொல் கேட்கும். அதற்கு அடுத்து ‘ஹீ’, ‘ஷீ’, ‘த பஸ்’ என்று ஆளோ பொருளோ வந்தால் வரிசை சரி. ‘இஸ்’, ‘ஆர்’, ‘டஸ்’, ‘டிட்’ வந்தால் பெரும்பாலும் பிழை. ‘ஹூ கேம்?’ (யார் வந்தது?) மாதிரி கேள்விச்சொல்லே ஆளாக நிற்கிற இடத்தில் மட்டும் இடம் மாற்ற ஒன்றும் இல்லை, ‘டூ யூ நோ ஹூ கேம்?’ என்று அப்படியே வரும். ‘யார் அங்கே இருக்கிறார்’ என்பதும் இதே வகைதான், ‘டூ யூ நோ ஹூ இஸ் தெயார்?’ என்று ‘இஸ்’ முன்னால் வந்தாலும் பிழை போடாதீர்கள். இன்னொன்று, ‘ஹீ இஸ்’ என்பதை ‘ஹீஸ்’ என்று சுருக்குகிற பழக்கம் வசனத்தின் கடைசியில் செல்லாது. ‘வெயார் ஹீ இஸ்’ என்று முழுதாக, ‘இஸ்’ஐ அழுத்திச் சொல்ல வேண்டும்.

‘நினைக்கிறீர்களா’ என்று பொருள் தரும் ‘டூ யூ திங்க்’ மட்டும் வேறு மாதிரி. ‘அவர் எங்கே இருக்கிறார் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டால் யாரும் ‘ஓம்’ என்று பதில் சொல்ல மாட்டார்கள், இடத்தைத்தான் சொல்வார்கள். அதனால் கேள்விச்சொல் முன்னுக்கு வந்துவிடும்: ‘வெயார் டூ யூ திங்க் ஹீ இஸ்?’. அங்கேயும் கடைசித் துண்டு ‘ஹீ இஸ்’ தான்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இதைப் படித்த உற்சாகத்தில் சில பிள்ளைகள் நேரடிக் கேள்வியையும் ‘வெயார் ஹீ இஸ்?’ என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள், போன வகுப்பில் அது நடந்ததைப் பார்த்தேன். ஆகவே வீட்டில் பயிற்சி கொடுக்கும்போது இரண்டையும் சோடியாகவே கேளுங்கள். ‘அப்பா எங்கே?’ என்று ஒரு வசனம், உடனேயே ‘அப்பா எங்கே எண்டு தெரியுமா?’ என்று அடுத்த வசனம். அண்ணா, அம்மம்மா, சைக்கிள், திறப்பு என்று வீட்டில் இருக்கிறதை மாற்றி மாற்றிக் கேட்டால் போதும். ‘டஸ்’, ‘டிட்’ வசனங்களை ஆசிரியர்கள் வகுப்பில் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளை எந்த இடத்தில் தடக்குப்படுகிறது என்று விளங்காவிட்டால் கொப்பியுடன் பாடசாலைக்கு வாருங்கள், இருந்து பார்ப்போம்.

அன்புடன்,
அதிபர்