மூன்று மணி நேரமும் 148

எங்கள் மருத்துவமனை நிர்வாகத்துக்கும் டயாலிசிஸ் பிரிவுத் தலைமை மருத்துவருக்கும்,

டயாலிசிஸின் நடுவே ஊசி கழன்று, அலாரம் அடிக்காமலேயே ஒரு நோயாளிக்கு ரத்தம் போன அன்றைய சம்பவத்தின் அறிக்கையில் "இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை" என்று எழுதி முடிக்கப் போவதாக அறிந்தேன். சோதனை செய்தவன் நான்தான். அந்த வரி பொய்யில்லை. ஆனாலும் அதோடு கோப்பை மூடிவிடாதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நோயாளி அறுபதைத் தாண்டிய அம்மா. இடது கையில் டயாலிசிஸ் ஊசி போடுவதற்கான ரத்தக்குழாய் இணைப்பு, ஃபிஸ்டுலா. பம்ப் வேகம் நிமிடத்துக்கு 250 மி.லி. மூன்றாவது மணி நேர ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது தூங்குவது போல் இருந்தார். கை போர்வைக்குள். திரையில் வீனஸ் பிரஷர், அதாவது ரத்தம் உடம்புக்குத் திரும்பும் குழாயின் அழுத்தம், 148. அதைக் குறிக்கக் குறிப்பேட்டைத் திறந்தால் மேலே இரண்டு முறையும் 148 என்று என் கையெழுத்திலேயே இருந்தது. பம்ப் ஓடும்போது அந்த எண் இரண்டு மூன்று புள்ளியாவது ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இருமினாலே மாறும். அசையாமல் நிற்கவே நிற்காது. போர்வையை விலக்கினேன். வீனஸ் ஊசி வெளியே கிடந்தது, விரிப்பு முழுக்க ரத்தம். அலாரம் அடிக்கவில்லை.

பம்பை நிறுத்தி, குழாயை கிளாம்ப் செய்து, ஊசி இருந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிஸ்டரைக் கூப்பிட்டேன். அழுத்தம் 84/50, நாடித்துடிப்பு 118, உடம்பெல்லாம் வியர்வை. கூப்பிட்டால் பதில் சொன்னார். காலைத் தூக்கி வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, ஆர்ட்டீரியல் ஊசி வழியாகவே சலைன் ஏற்றினோம். இருபது நிமிடத்தில் 110/70 ஆனது. விரிப்பை எடைபோட்டுப் பார்த்ததில் 350 மி.லி. அளவு போயிருந்தது. அந்த வேகத்தில் அதற்கு ஒன்றரை நிமிடம் போதும். ஊசி முனை படுக்கையில் பட்டுவிட்டதால் குழாயிலும் டயாலைசரிலும் இருந்த ரத்தத்தையும் திருப்பி ஏற்ற முடியவில்லை. ஹீமோகுளோபின் 10.2-லிருந்து மறுநாள் 8.6-க்கு இறங்கியிருந்தது.

அவரை அடுத்த படுக்கைக்கு மாற்றிய பிறகுதான் இயந்திரத்தைப் பார்த்தேன். வீனஸ் சேம்பரைத் திறந்து காற்றோடு சேர்த்துவிட்டேன். உள்ளே அழுத்தமே இல்லை, திரையில் அப்போதும் 148. சேம்பரிலிருந்து வரும் மெல்லிய குழாயை கிளாம்ப் செய்து, அதன் முனையில் உள்ள சின்ன வடிகட்டியான டிரான்ஸ்டூசர் புரொடெக்டரைக் கழற்றினேன். அந்த நொடியே எண் 0. புரொடெக்டருக்குள் ஈரம். புதியதைப் பொருத்தி, சிரிஞ்சும் அழுத்தமானியும் இணைத்து 150 வரை ஏற்றினேன், திரையில் 149. மெதுவாக இறக்கினால் கீழ் எல்லையான 90-ல் அலாரம் அடித்தது, பம்ப் நின்றது, கிளாம்ப் மூடியது. புரொடெக்டருக்குப் பின்னால் இயந்திரத்தின் உட்பக்கத்தில் ரத்தம் போகவில்லை என்பதையும் திறந்து பார்த்து உறுதி செய்தோம்.

ஆக, பழுது அந்தச் சின்ன வடிகட்டியில். அதன் சவ்வு காற்றை விடும், நீரை விடாது. நனைந்துவிட்டால் காற்றும் போகாது. அந்த நேரத்து அழுத்தம் உள்ளேயே அடைபட்டு நிற்கும். இயந்திரம் அதையே படித்துக்கொண்டிருக்கும். அது எப்போது நனைந்தது என்பதும் எனக்குத் தெரியும். இணைத்த கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா கையை மடக்கினார், அழுத்தம் எகிறியது, சேம்பர் மட்டம் உயர்ந்து மெல்லிய குழாய்க்குள் ஏறியது. நான் மட்டத்தை இறக்கினேன், அலாரத்தை அணைத்தேன். புரொடெக்டரை மாற்றவில்லை. அது என் தவறு, அறிக்கையில் அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புரொடெக்டர் உலர்ந்தே இருந்திருந்தாலும் அலாரம் அடித்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. வீனஸ் பிரஷரில் பெரும்பங்கு ஊசியின் குறுகிய துவாரத்தால் வருவது. ஊசி வெளியே வந்தாலும் அது அப்படியே இருக்கும். குறைவது ஃபிஸ்டுலாவுக்குள் இருக்கும் அழுத்தம் மட்டும்தான், சுமார் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். 148 என்பது 118 ஆகும். எல்லையோ 90. ரத்தக்கசிவு அலாரமும் உதவாது, அது டயாலைசர் கிழிந்து டயாலிசிஸ் திரவத்தில் ரத்தம் கலந்தால்தான் அடிக்கும்.

அதனால் நான் கேட்பது இவைதான். புரொடெக்டர் நனைந்தால் மெல்லிய குழாயை கிளாம்ப் செய்து உடனே மாற்ற வேண்டும் என்பதை எழுத்தில் விதியாக்குங்கள். ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் உபரி புரொடெக்டர் இருக்கட்டும். அன்று உபரி ஸ்டோரில் இருந்தது, ஸ்டோர் கீழ்த் தளத்தில். நோயாளியை இணைத்து ஓட்டம் நிலையான பிறகு கீழ் எல்லையைத் தேவையில்லாமல் அலாரம் அடிக்காத அளவுக்கு நெருக்கமாக வைக்க எங்களுக்கு அனுமதி கொடுங்கள். அப்புறம், ஊசி போட்ட கை போர்வைக்கு வெளியே இருக்க வேண்டும். குளிர்கிறது என்பவர்களுக்கு ஏசியைக் குறையுங்கள், கையை மூடாதீர்கள். நினைவு தடுமாறும் நோயாளிகளுக்கும் கையை அசைத்துக்கொண்டே இருப்பவர்களுக்கும் ஊசிக்கு அருகில் ஒட்டும் ஈர உணரிகளை வாங்கித் தாருங்கள்.

அந்த அம்மா மறுபடி டயாலிசிஸுக்கு வந்துவிட்டார். கையை அவரே போர்வைக்கு மேலே எடுத்து வைத்துக்கொள்கிறார்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் டெக்னீஷியன், காலை ஷிப்ட்