வம்சாவளி சார்ட்டை டெக்ஸ்ட்டா மாத்த உதவுன எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு பழைய வம்சாவளி சார்ட்ட, அதான் கையால கோடு போட்டு எழுதுனது, டைப் பண்ணி வைக்கணும்னு உதவி கேட்டிருந்தேன்ல, அது முடிஞ்சிருச்சு. பேரு பேரா நன்றி சொன்னா சிலருக்கு பிடிக்காதுன்னு தெரியும், அதனால யாரு என்ன சொல்லிக்குடுத்தீங்கன்னு மட்டும் எழுதுறேன், உங்களுக்கே புரியும்.

முதல்ல "உயரத்த பாக்காதீங்க, கோட்ட பாருங்க"ன்னு சொன்ன அண்ணனுக்கு. எங்க சார்ட்ல ரெண்டாவது மனைவியோட கிளைய பின்னாடி யாரோ இடம் இல்லாம ஓரத்துல நுழைச்சிருக்காங்க, அதனால அவங்க மக பேரு பேரப்பிள்ளைங்க வரிசைக்கு நேரா வந்து உக்காந்திருக்கு. வரிசை வரிசையா பாத்து எழுதுனா அந்தம்மா பேத்தி ஆகிருவாங்க. அண்ணன் சொன்ன வழி இதுதான்: பிள்ளை பேர்ல விரலை வச்சு கோட்டோடயே மேல போகணும், கூடப்பிறந்தவங்கள சேர்க்குற படுக்கை கோடு வரும், அதுலேர்ந்து இன்னும் மேல போனா எந்த கணவன் மனைவிக்கு நடுவுல இருக்குற கோட்டுல போய் முட்டுதோ அவங்கதான் அப்பா அம்மா. ரெண்டு கோடு குறுக்க போற இடத்துல மட்டும் ஸ்கேன பெருசு பண்ணி பாக்கணும், ஒன்னு இன்னொன்னுல முடியுதா இல்ல தாண்டி போகுதான்னு. ஜெராக்ஸ்ல இது பல நேரம் தெளிவா தெரியாது, மூலத்தைத்தான் எடுக்கணும்.

அடுத்து, பிள்ளைங்கள அப்பா பேருக்கு கீழ நேரா போடாம அம்மா வரிக்கு கீழ, மக வழின்னா மருமகன் வரிக்கு கீழ, போடச் சொன்ன அக்காவுக்கு. ரெண்டு கல்யாணம் உள்ள வீட்டுக்கு இத விட்டா வேற நல்ல வழி எனக்கு தெரியல. பேர மாத்தி ஒரு கிளைய மட்டும் காட்டுறேன்:

```
1 சின்னையா
  + பொன்னம்மா
    1.1 ராமு
      + கமலா
        1.1.1 செல்வி
          + குமார் (பார்க்க 1.3.1)
            1.1.1.1 அருண்
    1.2 லட்சுமி (தத்து)
  + தங்கம் (1-ன் மனைவி)
    1.3 மீனா
      + சேகர்
        1.3.1 குமார் (மனைவி 1.1.1, பிள்ளைகள் அங்கே)
```

ஒரு கிளைய கடைசி பிள்ளை வரைக்கும் இறங்கி முடிச்சிட்டுத்தான் அடுத்த கிளைக்கு போகணும். ஒரு வரிக்கு மேல எந்த வரி ஒரு படி இடது பக்கம் தள்ளி இருக்கோ, அதுல கிட்டக்க இருக்குறதுதான் அதுக்கு தாய் வரி, அதாவது அது போய் சேர வேண்டிய வரி. வலது பக்கம் ஒரே தாவுல ரெண்டு படி போயிருந்தா நடுவுல ஒரு ஆள் விட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

குமாரப் பாருங்க, அவரு மீனாவோட பிள்ளை, செல்விக்கு கணவர். சார்ட்ல ஒரே இடத்துல எழுதி நீளமா ஒரு கோடு இழுத்துட்டா போதும், ஆனா டெக்ஸ்ட்ல ஒரு வரிக்கு ஒரு தாய் வரிதான் இருக்க முடியும். அதனால ரெண்டு இடத்துலயும் பேர எழுதிட்டு ஒன்னுலேர்ந்து இன்னொன்னுக்கு நம்பர் குடுத்து, பிள்ளைங்கள ஒரு இடத்துல மட்டும் போடுன்னு சொன்ன தம்பிக்கு ரொம்ப கடன்பட்டிருக்கேன். அருணை ரெண்டு பக்கமும் போட்டிருந்தா தாத்தா பேரையே வச்சிருக்குற எங்க வீட்ல ரெண்டு அருண்னு நினைச்சிருவாங்க! எண்ணிப்பாக்கும்போதும் இத மனசுல வச்சுக்கணும், மேல உள்ளதுல ஆள் 11, வரி 12.

புள்ளி வச்ச நம்பர சொல்லிக்குடுத்ததும் அதே தம்பிதான். மெசேஜ்ல அனுப்பும்போது சில இடத்துல வரிக்கு முன்னாடி உள்ள ஸ்பேஸ் எல்லாம் போயிரும், அப்பவும் 1.3.1ங்கறதுல கடைசி எண்ண எடுத்துட்டா 1.3, அதாவது மீனா, அவங்க பிள்ளைன்னு தெரிஞ்சிரும். மனைவி, கணவன் வரிக்கு நம்பர் இல்லாததால அது மட்டும் மேல உள்ள வரியோட ஒட்டியே இருக்கணும். ரெண்டாவது மனைவி வரி மட்டும் முதல் மனைவியோட பிள்ளைங்கள தாண்டி வரும், ஸ்பேஸ் போயிட்டா அது யாரோடதுன்னு குழம்பும், அதனால அந்த மாதிரி இடத்துல "+ தங்கம் (1-ன் மனைவி)"ன்னு எழுதிட்டேன். டேப் வேண்டாம், ஸ்பேஸ் மட்டும் போடுன்னதும் நல்லதா போச்சு, ரெண்டும் கலந்தா ஒரு ஸ்க்ரீன்ல நேரா தெரியும், இன்னொன்னுல எல்லாம் கோணிக்கும். பின்னாடி ஒரு பிள்ளை பேரு கிடைச்சா அடுத்த நம்பர குடுத்துருங்க, அதுக்காக பழசெல்லாம் மாத்தாதீங்க. நம்பர் வயசுக்கு இல்ல, விலாசத்துக்கு.

கடைசியா எங்க சித்திக்கு. சார்ட்ட பாக்காம டெக்ஸ்ட்ட மட்டும் வச்சு மறுபடி படமா வரைஞ்சு குடுத்தாங்க, மூலத்து பக்கத்துல வச்சு பாத்தப்பதான் லட்சுமிக்கு போற கோடு புள்ளிக்கோடுன்னு கண்ணுல பட்டுச்சு, தத்துன்னு எழுதுனது அதுக்கப்புறம்தான். டெக்ஸ்ட்ல புள்ளிக்கோடு போட்டு காட்ட முடியாது, வார்த்தையாத்தான் எழுதணும். இன்னும் ரெண்டு பேருக்கு மேல போற கோடு அழிஞ்சு கிடக்கு, அவங்கள எங்கயும் ஒட்டாம கடைசில "தொடர்பு தெரியல"ன்னு தனியா வச்சிருக்கேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க.