உயரம் எந்தத் தரையிலிருந்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கத்து மனையில் வரப்போகும் கட்டடத்தை எதிர்த்துத் தெருவே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தும் நகரமைப்பு அலுவலகம் காதில் வாங்கவில்லை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். மனுவில் இருந்ததையும் அவரே சொல்லிவிட்டார்: தெருவின் அமைதி கெடும், வீட்டு மதிப்பு இறங்கும், ஜன்னல் வழியே தெரிகிற காட்சி மறையும், கட்டுகிறவர் ஆள் சரியில்லை. கட்டட வரைபடம் போட்டே காலம் தள்ளியவன் நான். இந்த நாலையும் வைத்துக்கொண்டு பெரும்பாலான ஊர்களில் ஓர் அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் மேஜையில் இருப்பது வரைபடமும் விதிகளும்தான். வரைபடத்தில் எந்த இடத்தில் இடிக்கிறது என்று காட்டினால்தான் அவருக்குப் பிடி கிடைக்கும். கையெழுத்து எத்தனை சேர்ந்தாலும் காரணங்கள் அதே நாலுதானே?

சரி, எங்கே பார்ப்பது? எல்லாரும் முதலில் மாடி எத்தனை, உயரம் எவ்வளவு என்றுதான் பார்க்கிறார்கள். அந்த உயரம் எந்தத் தரையிலிருந்து அளக்கப்பட்டது என்று கேட்பவர் குறைவு. என் தங்கை வீட்டில் மொத்த விவகாரமும் அந்தக் கேள்வியில்தான் இருந்தது.

பக்கத்து மனைக்காரர் கொடுத்த குறுக்குவெட்டு வரைபடத்தில், அதாவது கட்டடத்தையும் நிலத்தையும் ஓரிடத்தில் அறுத்துப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் காட்டும் படத்தில், எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. தரைமட்டம் சுழியம், அதிலிருந்து 30 செ.மீ. மேலே வீட்டின் தரை, எல்லையில் 2 மீட்டர் மதில். நின்று பார்க்கிறவரின் கண் அவர் நிற்கும் தரையிலிருந்து சுமார் 1.55 மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று வைத்தால், மொத்தம் 1.85 மீட்டர். மதில் அதைவிட உயரம். ஆக, கீழ்த்தளத்து ஜன்னலிலிருந்து யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது என்று வரைபடம் சொன்னது.

ஆனால் அந்த வெட்டு எடுக்கப்பட்டது தெருவை ஒட்டிய முன்பகுதியில். அங்கே இரண்டு மனையும் ஒரே மட்டம். பின்னால் போகப் போக நிலம் இரண்டு பக்கமும் சரிகிறது. மனை வரைபடத்தில் தெருப்பக்கத் தரையை 100 மீட்டர் என்று வைத்துக்கொண்டு பொடி எழுத்தில் மட்டங்கள் குறித்திருந்தார்கள்: தெருப்பக்கம் 100.00, பின் எல்லையில் 98.80. அதாவது 1.2 மீட்டர் பள்ளம். தங்கையின் படுக்கையறை ஜன்னல் இருப்பது அந்தப் பள்ளத்துப் பக்கம்.

பள்ளத்தை அவர்கள் மண் கொட்டி நிரப்பப் போகிறார்கள் என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. காட்டிக்கொடுத்தது பின்வாசல் படிக்கட்டு. சரிந்த நிலம் அப்படியே இருந்தால் வீட்டுத் தரைக்கு ஏற 1.5 மீட்டர் வேண்டும். படி ஒன்றுக்கு 15 செ.மீ. என்றால் பத்துப் படி. வரைபடத்தில் இருந்தது இரண்டே படி. மிச்சம் எட்டுப் படியும் மண்ணுக்கு அடியில்! வழக்கமாக இப்போதைய தரையைப் புள்ளிக்கோட்டிலும் வரப்போகும் தரையை முழுக்கோட்டிலும் போடுவோம். ஒரே ஒரு கோடு இருந்தால் அங்கேயே சந்தேகப்படலாம்.

இப்போது மறுபடி கூட்டிப் பாருங்கள். நிரப்பும் மண் 1.2, வீட்டின் தரை 0.3, கண் உயரம் 1.55: தங்கை வீட்டுத் தரையிலிருந்து 3.05 மீட்டர். அவள் பக்கத்து மதில் 2 மீட்டர்தான். மதிலைவிட ஒரு மீட்டருக்கும் மேலே கண் இருக்கும்; அவள் படுக்கையறையைப் பார்க்கலாம், அதுவும் கீழ்த்தளத்திலிருந்தே. கட்டடத்தின் மொத்த உயரமும் அவள் பக்கத்திலிருந்து அளந்தால் தாளில் உள்ளதைவிட 1.2 மீட்டர் கூடுதல்.

அப்புறம் அந்த மண் எதன்மேல் சாயும்? மதில்மேல்தான். எல்லை மதில் என்பது தன் கனத்தைத் தாங்கி நிற்கவும் ஆள் வராமல் தடுக்கவும் கட்டுவது. மண்ணைத் தாங்கக் கட்டுவதல்ல. மண்ணின் உயரம் இரண்டு மடங்கானால் சுவர்மேல் வரும் பக்கவாட்டுத் தள்ளல் நான்கு மடங்காகும். மழையில் ஊறிவிட்டால் தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். அதற்கென்று கணக்குப் போட்டுத் தடுப்புச்சுவர் தனியாகக் கட்ட வேண்டும்; வரைபடத்தில் அது இல்லை. கூரைத் தண்ணீர்க் குழாயும் மதில் ஓரத்தில்தான் இறங்கியது. 200 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் 10,000 லிட்டர். அது மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் வரும், வேறெங்கே போகும்?

தங்கை கொடுத்த ஆட்சேபக் கடிதம் ஒரு பக்கம். விண்ணப்ப எண், தாள் எண், திருத்த எண் மேலே. கீழே இந்தக் கணக்கு, ஜன்னலிலிருந்து எடுத்த ஒரு புகைப்படம், மதில் உயரம் அளந்த குறிப்பு. 'அனுமதி தராதீர்கள்' என்று அவள் எழுதவில்லை. அவளுடைய ஜன்னல் வழியாக ஒரு குறுக்குவெட்டு வேண்டும், எல்லை நெடுக இரண்டு பக்கத்து மட்டங்களும் அசையாத ஒரு புள்ளியை வைத்துக் குறிக்கப்பட வேண்டும், பின்பகுதித் தரையை நிலத்தோடு இறக்க வேண்டும், மண் நிரப்பினால் தனித் தடுப்புச்சுவர் வேண்டும், தண்ணீர் தெரு வடிகாலுக்குப் போக வேண்டும் என்று கேட்டாள். இதையெல்லாம் ஓர் அதிகாரி அப்படியே நிபந்தனையாக எழுதிவிடலாம். 'தெருவின் அமைதி' என்பதை எப்படி எழுதுவார்?

ஆட்சேபம் கொடுக்கும் கெடு பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் பொதுவாக 21 நாள். அயர்லாந்தில் 5 வாரம், அதுவும் விண்ணப்பம் அலுவலகத்துக்கு வந்த நாளிலிருந்து. மனையில் தொங்கும் அறிவிப்பு உங்கள் கண்ணில் பட்ட நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவீர்கள். எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள், கடிதம் அனுப்பிய நாளா கைக்குக் கிடைத்த நாளா கணக்கு என்று உங்கள் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அளவெடுக்க நேரம் போதாவிட்டால் முக்கியமான காரணத்தை மட்டும் எழுதிக் கெடுவுக்குள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்குங்கள். அயர்லாந்தில் கெடுவுக்குள் ஆட்சேபம் கொடுத்தவர்தான் பொதுவாக மேல்முறையீடு செய்யவே முடியும்.

கட்டடம் வருவதைத் தடுக்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாடிகளின் எண்ணிக்கை விதிக்குள் இருந்தது, அதில் தங்கைக்கு எந்தப் பிடியும் இல்லை. அலுவலகம் திருத்திய வரைபடம் கேட்டது. வந்ததைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். பின்பகுதித் தரை இறங்கியிருந்தது, தடுப்புச்சுவர் வந்திருந்தது. கூரைத் தண்ணீர்க் குழாய் மட்டும் பழைய இடத்திலேயே மதிலோரம் நின்றது. அதற்காக இன்னொரு கடிதம் எழுதினோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர் ஒருவர்