"அடிக்கிறாரா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்: மகளிர் காவல் நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் குடும்பப் புகார்களை விசாரிக்கிற ஆய்வாளர்களுக்கும், உதவி ஆய்வாளர்களுக்கும், அங்கே கவுன்சலிங் கொடுக்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் குடும்ப வன்முறை வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞர். என்னிடம் வருகிற பெண்களில் பலர் அதற்கு முன்பே ஒரு மகளிர் காவல் நிலையத்தின் படியேறி இறங்கியவர்கள். அங்கே அவர்களிடம் முதலில் கேட்கப்பட்டது அநேகமாக ஒரே மாதிரி இருக்கிறது: அடிக்கிறாரா, குடிக்கிறாரா, வேறு பெண்ணோடு தொடர்பு இருக்கிறதா. மூன்றுக்கும் "இல்லைங்க மேடம்" என்று சொல்கிற பெண்ணைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவள் அப்படிச் சொன்னதுமே விசாரணை முடிந்துவிடுகிறது. "அப்புறம் என்னம்மா பிரச்சினை? நல்ல மனுஷன்தானே, அனுசரிச்சுப் போம்மா" என்று, அவள் நல்லதுக்காகவே, சொல்லி அனுப்புகிறீர்கள்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் இரண்டு மூன்று பெண்களின் விவரங்களைக் கலந்து, மாற்றித்தான் எழுதுகிறேன். அவர் தனியார் பள்ளி ஆசிரியை, ஒரு பெண் குழந்தை. சம்பளம் அவர் கணக்கில்தான் விழுகிறது, ஆனால் ஏடிஎம் கார்டு கணவரிடம், கணக்கோடு இணைத்த கைபேசி எண்ணும் கணவருடையது, அதனால் ஓடிபி அவருக்குத்தான் போகும். தினமும் பஸ்ஸுக்கு எண்ணிக் கொடுப்பார், சாயங்காலம் மீதியைக் கேட்பார். மதியம் சாப்பாட்டு இடைவேளையில் வீடியோ கால் வரும், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போனைச் சுற்றிக் காட்ட வேண்டும். அம்மாவிடம் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். லொக்கேஷன் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும், பஸ் தாமதமானால் ஏன் அந்த நிறுத்தத்தில் இவ்வளவு நேரம் என்று கேள்வி. கூட வேலை பார்க்கிற தோழியின் நட்பு முதலில் போனது, அப்புறம் அக்கா வீட்டுக்குப் போவது நின்றது. ஒரு நாளும் கை நீட்டியதில்லை. கோபம் வந்தால் நான்கைந்து நாள் பேச மாட்டார், சாப்பிட மாட்டார், குழந்தையையும் அவளிடம் பேச விட மாட்டார், அவள் வந்து மன்னிப்புக் கேட்கும்வரை.

இவற்றில் எதையும் தனியாக எடுத்துப் பார்த்தால் புகார் மாதிரியே தெரியாது. கார்டு கணவரிடம் இருக்கிற வீடுகள் ஆயிரம் உண்டு. பாசத்தில் அடிக்கடி போன் செய்கிறவரும் உண்டு. அப்படியென்றால் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. என் அனுபவத்தில், கணவன் என்ன செய்கிறான் என்பதைவிட, அவள் "வேண்டாம்", "முடியாது" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று கேட்டால்தான் தெளிவான பதில் கிடைக்கிறது. சிக்கனமான ஒருவரிடம் "இந்த மாசம் கார்டு என்கிட்ட இருக்கட்டும்" என்று மனைவி சொன்னால் முணுமுணுப்பார், வாதாடுவார், கடைசியில் கொடுப்பார். தன் செலவுக்கும் கணக்குச் சொல்வார். இந்த ஆசிரியையிடம் அதே கேள்வியைக் கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு "அப்படி நான் கேட்கவே மாட்டேன் மேடம்" என்றார். கேட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கு அவ்வளவு உறுதியாகத் தெரிந்திருந்தது. எந்த நேரத்துக்கு என்ன சமைத்தால், எந்தப் புடவை கட்டினால், எத்தனை மணிக்குள் வந்தால் அன்றைக்குச் சத்தமில்லாமல் போகும் என்று காலையிலிருந்தே கணக்குப் போட்டுத்தான் அவருடைய நாள் நகர்கிறது. அதில் இன்னொன்றும் கவனித்தேன்: விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. ஐந்து மணிக்குள் வந்தால் போதும் என்றது நாலரை ஆனது, நாலரைக்கே வந்தால் இன்றைக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று சந்தேகம் ஆனது. எதைச் செய்தாலும் சரியாகாது என்ற நிலைக்கு வந்த பிறகுதான் அவர் காவல் நிலையத்துக்கே வந்தார்.

அங்கே நடந்ததை அவர் சொன்னபடி எழுதுகிறேன். கணவரைப் போனில் கூப்பிட்டார்கள், அவர் தன் அம்மாவோடு வந்தார், மூவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துப் பேசினார்கள். கணவர் மிகவும் மரியாதையாக, தெளிவாகப் பேசினார். மனைவி அழுதார், முன்னுக்குப் பின் முரணாகப் பேசினார். (பயந்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், அதை வைத்து யார் சொல்வது உண்மை என்று முடிவு செய்யாதீர்கள்.) கடைசியில் "இனி சந்தோஷமாக வாழ்வோம்" என்று இரண்டு பேரிடமும் எழுதி வாங்கி அனுப்பினார்கள். சி.எஸ்.ஆர். ரசீது கொடுக்கவில்லை. அன்று இரவே அவர் போனுக்குப் புது லாக் போடப்பட்டது, எண் கணவருக்கு மட்டும் தெரியும். அடுத்த வாரம் வேலையை விடச் சொன்னார்.

சட்டம் உங்களை மூன்று கேள்விகளோடு நிறுத்தச் சொல்லவில்லை. 2005-ல் வந்து 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், பிரிவு 3-ல், உடல், பாலியல் கொடுமைகளோடு சேர்த்து வார்த்தையாலும் மனதளவிலும் செய்யும் கொடுமையையும், பொருளாதாரக் கொடுமையையும் குடும்ப வன்முறை என்றே சொல்கிறது. அவளுக்கு உரிமையுள்ள பணத்தை, சீதனத்தை அவளிடமிருந்து தடுத்துவைப்பது அதில் வரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 முதல், தொடர்ந்து இப்படிக் கட்டுப்படுத்துவதே தனிக் குற்றம், ஐந்தாண்டு வரை சிறை. நம்மிடம் அப்படித் தனிக் குற்றப்பிரிவு இல்லை என்பது உண்மைதான். ஆனால் மாஜிஸ்திரேட்டிடம் பிரிவு 12-ன்கீழ் மனுப் போட்டுப் பாதுகாப்பு உத்தரவு வாங்க அடிபட்ட காயம் எதுவும் தேவையில்லை, அந்த உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு.

இருப்பதா, போவதா என்ற முடிவுக்கு வருகிறேன். நீங்களும் சொந்தக்காரர்களும் "சேர்ந்து வாழு" என்கிறீர்கள், நாங்கள் வழக்கறிஞர்கள் சிலர் "வெளியே வந்துவிடு" என்று அவசரப்படுகிறோம். இரண்டுமே அவள் முடிவை நாம் எடுப்பதுதான், ஏற்கெனவே வீட்டில் அவளுக்கு நடப்பதும் அதுதான். வெளியேறச் சொல்வதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவில் 11 நகரங்களில், கணவனாலோ துணைவனாலோ கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி நடந்து 2003-ல் வெளியான ஆய்வில், மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிற ஆள், சேர்ந்து வாழ்ந்த பின் பிரிவு, இந்த இரண்டும் ஒன்றுசேர்ந்த இடத்தில் கொலை ஆபத்து ஒன்பது மடங்கு வரை கூடியிருந்தது தெரிந்தது. நம் ஊர் எண் வேறாக இருக்கலாம். ஆனால் அதுவரை கை ஓங்காதவன்கூட அவள் கிளம்புகிறாள் என்று தெரிகிற நாளில் வேறு ஆளாக மாறலாம் என்பதை நீங்களே வழக்குகளில் பார்த்திருப்பீர்கள். அதனால் கழுத்தை நெரித்ததுண்டா, செத்துப்போவேன் கொன்றுபோடுவேன் என்று மிரட்டியதுண்டா என்று தனியாகக் கேளுங்கள். உண்டு என்றால் அவளைத் திருப்பி அனுப்புவதும் தவறு, திட்டமில்லாமல் வெளியே வரச் சொல்வதும் தவறு. அப்போது தேவைப்படுவது ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்குமிடமும், அவள் எங்கே இருக்கிறாள் என்று கணவனுக்குத் தெரியாமல் இருப்பதும்.

மிரட்டல் அந்த அளவுக்கு இல்லாத வீடுகளில், இருந்துகொண்டே பார்க்கவும் வழி இருக்கிறது, இதைப் பல பெண்கள் அறியாமலே முடிவெடுக்கிறார்கள். பிரிவு 17-ன்படி அவளுக்கு அந்த வீட்டில் வசிக்க உரிமை உண்டு, வீடு யார் பெயரில் இருந்தாலும். அவளை வெளியேற்றக் கூடாது என்றும், அவள் வேலை பார்க்கும் இடத்துக்குப் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்றும், அங்கேயே குடியிருந்தபடி உத்தரவு வாங்கலாம். நம் ஆசிரியை அப்படித்தான் செய்தார். புது எண் வாங்கி வங்கிக் கணக்கோடு இணைத்தார். பாஸ்புக், சான்றிதழ்கள், குழந்தையின் பிறப்புச் சான்று இவற்றின் நகல்களை முன்கூட்டியே ஒரு தோழியிடம் கொடுத்துவைத்தார். இடைக்கால உத்தரவு வந்தது, கார்டும் அவர் கைக்கு வந்தது. கணவர் உத்தரவை மீறவே இல்லை. ஒரு மாதம் வீடு அமைதியாகத்தான் இருந்தது, ஆசிரியையும் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். பிறகு கணவர் குழந்தையிடம் கேட்க ஆரம்பித்தார்: அம்மா இன்றைக்கு யாரோடு பேசினாள், எவ்வளவு நேரம், என்ன சொன்னாள். ஒரு வழி அடைபட்டதும் அடுத்த வழி, அதுவும் எட்டு வயதுப் பிள்ளை வழியாக. நான்காவது மாதம் ஆசிரியை தானே முடிவு செய்து, அம்மா வீட்டுக்கு அருகில் வாடகைக்குப் போனார். அதே மாதிரி உத்தரவுக்குப் பிறகு கணவர் உண்மையிலேயே மாறிய ஒரு குடும்பத்தையும் எனக்குத் தெரியும். அங்கே மனைவி தனியாகத் தம்பி வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தார், வந்த பிறகு அதற்காக எந்த விலையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மாற்றத்தை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் அது மாதிரியான விஷயங்கள்தான், மன்னிப்புக் கடிதமோ காலில் விழுவதோ இல்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள், மாமியாரையும் கணவரையும் வெளியே காத்திருக்கச் சொல்லி. அவள் போனுக்கு அழைப்பதற்கு முன் எந்த எண்ணில், எந்த நேரத்தில் கூப்பிட்டால் பாதுகாப்பு என்று கேட்டு எழுதிவையுங்கள், அவளுடைய வாட்ஸ்அப் அவன் லேப்டாப்பில் திறந்திருக்கலாம். கணவரை வரவழைக்கும் நாளை அவளிடம் முன்னதாகச் சொல்லுங்கள். நீதிமன்றம் அனுப்பும் கவுன்சலிங்குக்கு, குடும்ப வன்முறைச் சட்ட விதிகளில் விதி 14, இரண்டு விஷயங்களைத் தெளிவாக வைத்திருக்கிறது: செய்த கொடுமைக்கு எதிர்த்தரப்பு நியாயம் சொல்ல இடமில்லை, அவள் விரும்பினால்தான் சமரசம். நிலையத்தில் நடக்கும் பேச்சுவார்த்தைக்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

எழுதி வாங்குவதாக இருந்தால், "ஒழுங்காக நடந்துகொள்வேன்" என்பதை எழுதி வாங்காதீர்கள், அதை யாரும் சரிபார்க்க முடியாது. கார்டு என்றைக்குள் அவள் கைக்கு வரும், வங்கியில் எந்த எண் பதிவாகும், அம்மா வீட்டுக்குத் தனியாகப் போய்வருவது, போன் லாக் யாருக்குத் தெரியும், மறுபடி இருவரும் தனித்தனியாக நிலையத்துக்கு வரவேண்டிய தேதி, இவற்றை எழுதி வாங்குங்கள். ஏதாவது ஒன்றை அவர் எழுத மறுத்தால் அந்த மறுப்பையும் குறித்துவையுங்கள், பின்னால் மனு போடும்போது அது எங்களுக்கு உதவும். சி.எஸ்.ஆர். ரசீதை அவள் கேட்காமலே கொடுங்கள், ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போவது ஆபத்து என்றால் எங்கே வைப்பாள் என்று கேளுங்கள். மாவட்டச் சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் யார் என்று சொல்லி, குடும்ப நிகழ்வு அறிக்கை பதிவு செய்ய அவரிடம் அனுப்புங்கள், 181 என்ற எண்ணையும் சொல்லுங்கள். அன்றைக்கு அவள் திரும்பிக் கணவரோடுதான் போகிறேன் என்றாலும் இவ்வளவையும் செய்யுங்கள், மறுபடி வந்தால் "அன்னைக்கே சொன்னேனே" என்று கேட்காமல் பழைய கோப்பை எடுத்துப் பாருங்கள்.

நன்றியுடன்,
குடும்ப வன்முறை வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞர்