தேவனஹள்ளி ஹேங்கர்களில் லாக்புக்கில் கையெழுத்திடும் மூத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். விமானப் பராமரிப்பில் பி1.1 உரிமம், ஏ320-க்கு டைப் ரேட்டிங், பெங்களூரில் பதினாறு வருட வேலை. ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கமிருந்து வரும் பிள்ளைகள், தமிழ் பேசுகிறவன் என்று தெரிந்ததும் என்னிடம் வந்து லாக்புக்கை நீட்டுவார்கள். அதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எலஹங்காவில் என் வீட்டுக்கு ஒரு தம்பி வந்தான். மாட்யூல் தேர்வுகளெல்லாம் முடித்து பி1.1 உரிமம் வாங்கியாயிற்று. ஏ320 டைப் கோர்ஸின் தியரியும் பிராக்டிகலும் முடிந்தன. உரிமத்தில் டைப் ஏறாதவரை அந்த விமானத்தில் பார்த்த எந்தப் பழுதுக்கும் அவன் ரிலீஸ் கையெழுத்துப் போட முடியாது. அந்தப் பிரிவில் இதுதான் அவனுக்கு முதல் டைப் என்பதால், சிஏஆர்-66 விதிப்படி ஓஜேடி என்ற வேலையிடப் பயிற்சியையும் காட்ட வேண்டும். அந்தப் பயிற்சியின் பதிவேட்டோடுதான் வந்திருந்தான். மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பிவிட்டாராம். "அண்ணா, எல்லாத்துலயும் கையெழுத்து இருக்கு, அப்புறம் ஏன்?" என்று கேட்டான்.

ஒரு பதிவை மட்டும் சொல்கிறேன். தேதி, விமானத்தின் பதிவு எண், "மெயின் வீல் பிரேக் மாற்றம்", ஒரு மூத்தவரின் கையெழுத்து, ஸ்டாம்ப். பார்க்க எந்தக் குறையும் இல்லை. "இந்த வேலையை எப்படிச் செய்தாய், ஆரம்பத்திலிருந்து சொல்" என்றேன். ஜாக் வைத்தது, ஆக்ஸில் நட்டைக் கழற்றியது, சக்கரத்தை இறக்கியது என்று அழகாகச் சொன்னான். பழைய பிரேக் யூனிட்டைக் கழற்றும் இடத்துக்கு வந்ததும் தடுமாறினான். புது யூனிட் ஏறிய பிறகு கசிவு சோதனை எந்தெந்த ஹைட்ராலிக்கில் செய்தாய் என்றேன். "பச்சை" என்றான். ஏ320-இல் சாதாரண பிரேக் பச்சை அமைப்பில் ஓடும், மாற்று பிரேக் மஞ்சளில் ஓடும். யூனிட்டுக்கு இரண்டு இணைப்பும் வருகிறது. மஞ்சளைப் பார்க்காமல் விட்டால் வேலை பாதியில்தான் நிற்கிறது. அன்றைக்கு அந்த மூத்தவர் இரண்டையும் பார்த்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த நேரத்தில் தம்பி டார்ச் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். சக்கரம் அவன் கையால் இறங்கியது, பிரேக் அவன் கையால் ஏறவில்லை. புத்தகத்தில் மட்டும் முழு வேலையும் அவன் பெயரில் இருக்கிறது.

அவன் பொய் எழுதவில்லை. ஹேங்கரில் எல்லாரும் எழுதுகிற மாதிரி எழுதினான். மூத்தவரும் பையன் கூடவே இருந்தானே என்று போட்டுக் கொடுத்தார். நானும் ஒரு காலத்தில் அப்படிப் போட்டிருக்கிறேன். ஷிஃப்ட் முடிந்து கேப் ஏறும் அவசரத்தில், மூன்று மாதத்துப் பதிவுகளை மொத்தமாகக் கொண்டுவந்து நீட்டியபோது, ஒவ்வொன்றையும் படிக்காமல் கையெழுத்திட்டேன். அதற்கு இன்றும் வருந்துகிறேன்.

கூடவே இருப்பதும் செய்வதும் வேறு. ஓஜேடி என்றால் ஒரு பயிற்சியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர், நிஜ விமானத்தில் நிஜ வேலை. சிமுலேட்டர் கணக்கில் வராது. ஒவ்வொரு பதிவிலும் வேலை முடிந்த தேதி, விமானத்தின் வகை, பதிவு எண், ஜாப் கார்டு அல்லது டெக் லாக் எண், வேலையின் விவரம், மேற்பார்வையாளர் யார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். வெறும் "ஏ320" என்று எழுதினாலும் போதாது. சிஎஃப்எம்56, லீப், பிடபிள்யூ1100ஜி என்று எஞ்சின் மாறும்போது டைப் ரேட்டிங்கும் தனித்தனி. எஞ்சின் வேலை எழுதும்போது எந்த எஞ்சின் என்று சொல்லாவிட்டால், அந்தப் பதிவு எந்த ரேட்டிங்குக்குச் சேரும் என்று படிப்பவருக்குத் தெரியாது.

பொய்யான பதிவைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. விமானம் அன்றிரவு பெங்களூரில்தான் நின்றதா என்று பார்ப்பார்கள். கையெழுத்துப் போட்டவர் அன்று டியூட்டியில் இருந்தாரா என்று ரோஸ்டரைப் பார்ப்பார்கள். நாலு மணி நேரம் நின்ற விமானத்தில் பதினோரு வேலை செய்ததாக ஒருவன் எழுதியிருந்தால், அது அங்கேயே உடைந்துவிடும். தம்பியின் புத்தகத்தில் அடுத்தடுத்து இரண்டு பக்கம் ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே உட்காரலில் போட்ட கையெழுத்துகள் என்று எனக்கே தெரிந்தது. அவற்றில் உண்மையாகச் செய்த வேலைகளும் இருந்தன. மொத்தமாகப் போட்டதால் அவற்றின் மீதும் சந்தேகம் விழுந்துவிட்டது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

காலமும் ஒரு சிக்கல். விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் தொடங்கி முடித்த ஓஜேடிதான் செல்லும். அவன் ஒப்பந்த வேலையில் இருந்த நிறுவனத்தை விட்டு வந்துவிட்டான். பழைய ஜாப் கார்டுகளின் நகல் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. எண் மட்டும் இருந்தால்கூட வழி இருந்திருக்கும். பல பதிவுகளில் எண்ணே எழுதவில்லை. அந்த வேலைகளை இனி அவன் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

இப்போது ரேட்டிங் உள்ள நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரேட்டிங் ஏறிவிட்டால் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடலாம் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அது நம்மைப் பார்த்து வந்ததுதான். பி1 வைத்திருப்பவர் ஏவியானிக்ஸில் ஒரு பெட்டியை மாற்றி, எளிய சோதனையில் தேறினால் கையெழுத்திடலாம். சோதனை தேறவில்லை, வயரிங்கில் இறங்கிப் பழுதைத் தேட வேண்டும் என்றால் பி2 பொறியாளரைக் கூப்பிட வேண்டும். ஏ பிரிவுக்காரர், தான் கையால் செய்த, தனக்கு அனுமதித்த சிறு வேலைகளுக்கு மட்டும் போடலாம். இதற்கெல்லாம் மேலே நிறுவனத்தின் அங்கீகாரமும் கையில் இருக்க வேண்டும். கடந்த இரண்டு வருடத்தில் ஆறு மாதமாவது அந்த வேலை பார்த்த அனுபவமும் வேண்டும். அலுவலகத்துக்குள் போய்விட்டுத் திரும்பி வருபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, உங்களிடம் நான் கேட்பது மூன்று. பதிவை அந்த ஷிஃப்டிலேயே எழுதச் சொல்லுங்கள், அந்த ஷிஃப்டிலேயே கையெழுத்திடுங்கள். ஜாப் கார்டு எண் இல்லாத பதிவில் பேனாவை வைக்காதீர்கள். மூன்றாவது, "பிரேக் மாற்றம்" என்று இரண்டு வார்த்தையில் விடாமல் "சக்கரம் கழற்றி மாட்டினேன், யூனிட் இணைப்பைப் பார்த்தேன்" என்று பையன் கை செய்ததை அப்படியே எழுத வையுங்கள். பார்த்தது பார்த்ததாகவே இருக்கட்டும். அடுத்த பிரேக் வரும்போது டார்ச்சை நீங்கள் பிடித்துக்கொண்டு ஸ்பேனரை அவனிடம் கொடுங்கள்.

தர மேலாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். வேலையை விட்டுப் போகும் பயிற்சியாளருக்கு, அவர் பெயர் வரும் ஜாப் கார்டுகளின் பட்டியலை முத்திரையிட்டுக் கொடுத்து அனுப்புங்கள். ஒரு மதிய நேர வேலைதான் அது.

தம்பிக்கு இப்போது வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறான். போன செவ்வாய் இரவு வலது பக்க பிரேக் ஒன்றை அவன் மாற்றியிருக்கிறான். பச்சை, மஞ்சள் இரண்டிலும் கசிவு பார்த்ததாகக் காலை ஆறு மணிக்கு எனக்கு போன் செய்து சொன்னான்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து உங்கள் சக பொறியாளன்