உன் வயலுக்கு 26 கிலோ வேண்டாம்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு கூடலூருக்கே வந்து அப்பாவின் வயலில் இந்த வருஷம் நெல் போடப்போகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இங்கே நாலு நாளாக விடாத மழை, தாழ்வயல் எல்லாம் தண்ணீர் கட்டி நிற்கிறது. மற்ற கதையெல்லாம் நீ வந்ததும் பேசலாம். விதைநெல் 26 கிலோ வாங்கப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் அவசரமாக இந்தப் பதில்.

யாரோ உன்னிடம் "நாற்பது கிலோ" என்று சொல்லியிருக்கிறார்கள். எண் சரிதான், 130 நாள் போல வரும் மத்திய கால ரகத்தை நடவு செய்ய அதுதான் அளவு. ஆனால் அது ஹெக்டேருக்கு. நீ அதை ஏக்கருக்கு என்று எடுத்துக்கொண்டு 65 சென்டுக்குக் கணக்குப் போட்டிருக்கிறாய். ஹெக்டேர் என்பது கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர், அதனால் உன் கணக்கும் இரண்டரை மடங்கு ஏறிவிட்டது. பட்டாவை எடுத்துப் பார், பரப்பு ஹெக்டேர் - ஏர் கணக்கில் 0.26.50 என்று இருக்கும், அதாவது 0.265 ஹெக்டேர். அதை அப்படியே 40-ஆல் பெருக்கு, 10.6 கிலோ. சென்டுக்கு மாற்றி மறுபடி ஹெக்டேருக்கு மாற்றும் வேலையே வேண்டாம்.

பட்டாவில் இருப்பது முழுப் பரப்பு. நம் பக்கத்து வயல் படிப்படியாக இறங்குவது, வரப்பு ஒவ்வொன்றும் மூன்றடி நாலடி அகலம், ஓடையோரம் வேறு கொஞ்சம் தரிசாகக் கிடக்கும். உங்கள் வயலில் நாற்று ஊன்றும் இடம் 24 ஏர் தேறும் என்று நினைக்கிறேன். 0.24 × 40 = 9.6 கிலோ.

இது குறைவோ என்று பயப்படாதே. 20-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு 50 குத்து, குத்துக்கு இரண்டு நாற்று. 2400 சதுர மீட்டருக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் நாற்று. ஓரளவு நடுத்தர நெல்லில் கிலோவுக்கு சுமார் 45,000 மணி இருக்கும், நூற்றுக்கு எண்பது முளைத்தாலும் ஏழு கிலோவுக்குள் முடிந்துவிடும். குருவி கொத்துவது, பிடுங்கும்போது அறுந்துபோவது, நட்டபின் பட்டுப்போன இடத்தை நிரப்ப வேண்டியது எல்லாவற்றுக்கும் மீதி இரண்டரை கிலோவுக்கு மேல் அந்த அளவிலேயே இருக்கிறது.

சரி, இப்போது உன் விதைக்கு வருவோம். கடையில் வாங்கும் சான்று விதை என்றால் நூற்றுக்கு எண்பதாவது முளைக்க வேண்டும், அப்படியே 9.6 கிலோ போடு. பெரியப்பா வீட்டுப் பத்தாயத்து நெல்லைப் போடுவதாக இருந்தால் முளைப்பு பார்க்காமல் போடாதே. முதலில் தண்ணீரில் கொட்டி மிதக்கும் பதரை அள்ளிப்போட்டுவிட்டு, அடியில் தங்கியதை நிழலில் உலர்த்தி, அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 100 மணி எடு. பொறுக்கி எடுத்தால் கணக்கு பொய்யாகிவிடும். ஈரத்துணியில் பத்துப் பத்தாக வரிசை வைத்துச் சுருட்டி, அடுப்பங்கரைப் பக்கம் ஒரு வாரம் வை. இந்தக் குளிரில் வெளியே வைத்தால் நல்ல விதைகூடத் தூங்கும். வேரும் முளையும் இரண்டுமே ஒழுங்காக வந்ததை மட்டும் எண்ணு.

போன வருஷம் என் நெல்லில் 64 வந்தது. உனக்கும் அதே வந்தால் 9.6 × 80 ÷ 64 = 12 கிலோ. பதர் நீக்கிய பிறகு நிறுத்த எடை இது. பதருக்கென்று இன்னும் இரண்டு கிலோ சேர்க்காதே, பதரைத் தள்ளிவிட்டுத்தானே சோதித்தாய். அறுபதுக்குக் கீழே போனால் இந்தக் கணக்கே வேண்டாம், முளைத்ததும் சவலையாகத்தான் இருக்கும், வேறு விதை வாங்கிக்கொள்.

கூடுதலாகப் போட்டால் என்ன கெட்டுவிடும் என்று நீ கேட்பாய். மூன்று வருஷம் முன்பு நான் போட்டேன். ஐந்து சென்ட் நாற்றங்காலில் இருபத்தைந்து கிலோ. பன்னிரண்டாம் நாள் பார்க்கப் பச்சைப்பசேல் என்று பாய் விரித்தது போல இருந்தது, இருபதாம் நாள் விரலால் விலக்கிப் பார்த்தால் அடித்தாள் மஞ்சள், தண்டு ஊசி நூல் கனம்தான். பிடுங்கும்போது பாதி வேர் அறுந்தது, நட்ட மறுநாள் அடித்த காற்று மழையில் சாய்ந்துவிட்டது. கிலோவுக்கு 20 சதுர மீட்டர் வேண்டும். 9.6 கிலோவுக்கு ஏறக்குறைய ஐந்து சென்ட் சரியாக இருக்கும். முளைப்புக் குறைந்ததற்காக 12 கிலோ போட்டாலும் அதே ஐந்து சென்ட் போதும், எழுந்து வரும் நாற்று அதே எண்ணிக்கைதான்.

குறுகிய கால ரகம் கிடைத்தால் 40-க்குப் பதில் 60 வைத்துக்கொள். அதற்குத் தூர் கட்ட நாள் குறைவு, நெருக்கி நட வேண்டியிருக்கும்.

வரும் ஞாயிறு வந்துவிடு, நாடாவை நான் கொண்டுவருகிறேன். வரப்பை நீக்கி இரண்டு பேருமாக வயலை அளந்துவிட்டு அப்புறம் விதை வாங்கப் போகலாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்