டிஸ்க்கைக் கூரியரில் அனுப்பச் சொல்வது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் காணொளித் தொகுப்புகளைப் பாதுகாப்பு நகலுக்காக எங்களிடம் அனுப்பும்போது, "இணையத்திலேயே ஏற்றிவிடுகிறோமே, இந்தக் காலத்தில் டிஸ்க் எதற்கு?" என்று பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்களிடம் 20 டெராபைட் இருக்கிறது, இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பார்க்க வேண்டியது, அந்த 100 எந்தப் பக்கத்து வேகம் என்பதை. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் இறக்கும் வேகம். நமக்கு வேண்டியது ஏற்றும் வேகம். பல வீட்டு இணைப்புகளில் அது இதில் பாதிகூட இருக்காது. உங்களுக்கு இரு பக்கமும் 100 என்றே எடுத்துக்கொள்கிறேன். நடைமுறையில் நாள் முழுக்கச் சராசரியாக 80 கிடைத்தால் நல்ல இணைப்பு.

20 டெராபைட் என்பது 20 லட்சம் கோடி பைட். ஒரு பைட்டுக்கு 8 பிட், ஆக 160 லட்சம் கோடி பிட். நொடிக்கு 8 கோடி பிட் போகிறது. வகுத்தால் 20 லட்சம் நொடி. ஒரு நாளுக்கு 86,400 நொடி என்பதால் 23 நாளுக்குக் கொஞ்சம் மேல். அத்தனை நாளும் இணைப்பு அறுபடாமல், கணினி தூங்காமல், வீட்டில் வேறு யாரும் இணைப்பை இழுக்காமல் இருக்க வேண்டும்.

இப்போது டிஸ்க். 20 டெராபைட்டை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரே நேரத்தில் எழுதுகிறீர்கள். ஹார்ட் டிஸ்க்கின் வெளி வட்டத்தில் வேகம் அதிகம், உள்ளே போகப் போகக் குறையும். சராசரி நொடிக்கு 200 மெகாபைட் என்றால், 10 டெராபைட் எழுத 50,000 நொடி, அதாவது சுமார் 14 மணி நேரம். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்க இன்னொரு 14. கூரியருக்கு 48. எங்கள் பக்கம் சரிபார்த்துக்கொண்டே நகலெடுக்க 14. மொத்தம் 90 மணி நேரம், நான்கு நாளுக்கும் குறைவு.

வேறு விதமாகச் சொன்னால், அந்தக் கூரியர் பொட்டலம் நொடிக்குக் கிட்டத்தட்ட 500 மெகாபிட் இணைப்புக்குச் சமம். உண்மையிலேயே அதற்கு மேல் ஏற்றும் வேகம் இருந்தால் தயங்காமல் இணையத்தில் அனுப்புங்கள். அளவு சிறியது என்றாலும் அப்படியே. 2 டெராபைட்டை அதே 80 மெகாபிட்டில் ஏற்ற சுமார் 56 மணி நேரம். ஒரு டிஸ்க்கில் போட்டு அனுப்பினாலும், 48 மணி நேரம் வண்டியிலேயே போய்விடுவதால், அதே 56 வருகிறது. 2 டெராபைட்டுக்குக் கீழே டிஸ்க்குக்காக அலைய வேண்டாம்.

2017-இல் கருந்துளையைப் படம்பிடிக்கத் தொலைநோக்கிகள் சேர்த்த தரவும் ஹார்ட் டிஸ்க்குகளில்தான் விமானம் ஏறியது. தென்துருவத்து டிஸ்க்குகள் குளிர்காலம் முடிந்து விமானம் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தன. நம் கூரியர் பரவாயில்லை.

டிஸ்க் வழியில் வழுக்குமிடங்களும் உண்டு. நாங்களே ஒருமுறை பழைய யுஎஸ்பி 2 துளையில் செருகிவிட்டு, மறுநாள் காலையில் பார்த்தால் பத்தில் இரண்டு பங்குகூட முடியவில்லை. நகலெடுக்கும் சாளரத்தில் வேகம் நொடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டாமல் நின்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த வேகத்தில் 10 டெராபைட் எழுத 69 மணி நேரம் ஆகும். வேகம் நன்றாகத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் படுத்துவிட்டால் டிஸ்க்கின் வகையே காரணமாக இருக்கலாம். லட்சக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்புகள் இருந்தாலும் வேகம் சரியும். அவற்றை ஒரே tar கோப்பாகக் கட்டிவிடுங்கள்.

எங்களைப் பொறுத்தவரை சரிபார்ப்புதான் விட்டுக்கொடுக்க முடியாத படி. நகலெடுக்கும் முன்பே, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் போகும் மூலக் கோப்புறைக்குள் நின்று கீழே உள்ள முதல் வரியை ஓட்டுங்கள். அது ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு list.txt என்ற பட்டியலில் எழுதும். அதற்கு ஆகும் நேரத்தை மேலே சேர்க்கவில்லை. அப்புறம் அந்தப் பட்டியலோடு எல்லாவற்றையும் டிஸ்க்குக்கு நகலெடுத்து, அங்கே இரண்டாவது வரி. லினக்ஸுக்கு இப்படி:

```
find . -type f ! -name list.txt -exec sha256sum {} + > list.txt
sha256sum --quiet -c list.txt
```

இரண்டாவது வரி எதுவும் சொல்லாமல் முடிந்தால் எல்லாம் பொருந்துகிறது என்று பொருள். FAILED என்று வந்தால் அந்தக் கோப்பை மட்டும் மறுபடி நகலெடுத்தால் போதும். இங்கே வந்ததும் நாங்களும் அதே பட்டியலோடு ஒப்பிடுவோம். பொருந்தியது என்று எங்களிடமிருந்து கடிதம் வரும்வரை மூலத்தை அழிக்காதீர்கள். பொட்டலம் தொலையவும் செய்யலாம். அதனால் டிஸ்க்கை முழுமையாகக் குறியாக்கம் செய்து, கடவுச்சொல்லைப் பொட்டலத்தில் வைக்காமல் தொலைபேசியில் சொல்லுங்கள்.

அடுத்த தொகுப்பு தயாரானதும் மொத்த அளவையும், சோதித்துப் பார்த்த ஏற்றும் வேகத்தையும் எழுதுங்கள். எந்த வழி என்று கணக்குப் போட்டு அன்றே பதில் தருகிறோம்.

அன்புடன்,
நகல் பிரிவு